அளவு சொல்லாத ஆர்டரைப் படிப்பது எப்படி, உறுதி செய்வது எப்படி

கடைக்கு நேரில் வந்து சீட்டை நீட்டுகிற வாடிக்கையாளரிடம், "துவரை ஒன்று என்று போட்டிருக்கிறதே, கிலோவா, பாக்கெட்டா?" என்று தராசுக்குப் பின்னாலிருந்தே கேட்டுவிடலாம், கேட்ட மாத்திரத்தில் விடையும் கிடைத்துவிடும். அந்தக் கேள்வியால் யாருக்கும் சிரமமில்லை. அதே சீட்டு வாட்ஸ்அப் செய்தியாக வரும்போது நிலைமை முற்றிலும் வேறாகிவிடுகிறது. எழுதியவர் செய்தியை அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கீழே வைத்து, அடுப்படிக்கோ அலுவலகத்துக்கோ போய்விடுகிறார். நாம் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த வேலையிலிருந்து திரும்ப அழைக்கிறது. ஆகவே நேரில் பத்துக் கேள்விகளைப் பொறுமையாகச் சகித்துக்கொள்கிற அதே அம்மாள், கைபேசியில் மூன்றாவது கேள்விக்கே சலித்துக்கொள்கிறார் என்றால், அதில் அவர்மேல் குற்றம் காண நியாயமில்லை. தெருவில் இன்னொரு கடை இருக்கிறது என்பதும், அந்தக் கடைக்காரரிடமும் கைபேசி இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

எனவே இந்த அத்தியாயத்தின் பாடம் இரண்டு பகுதியாக இருக்கிறது. எழுதாமல் விட்ட அளவை, எழுதியிருப்பவற்றைக் கொண்டே எவ்வளவு தூரம் நிச்சயிக்க முடியும் என்பது முதலாவது. அப்படியும் தெளியாமல் நிற்கிற சந்தேகத்தை எந்த விதமாகக் கேட்டால் வாங்குபவருக்கு உபத்திரவம் இல்லாமல் இருக்கும் என்பது இரண்டாவது. முதலாவதைச் சரியாகச் செய்கிறவருக்கு இரண்டாவதில் மிகக் கொஞ்சமே மிஞ்சும்.

செய்தியில் வருகிற எண்ணை எடுத்துக்கொள்வோம். "சீரகம் 50" என்றால் ஐம்பது கிராம். "கறிவேப்பிலை 10" என்றால் பத்து ரூபாய்க்கு. "முட்டை 6" என்றால் ஆறு முட்டை. "பால் 2" என்றால் இரண்டு பாக்கெட். நான்கு வரிகளிலும் வெறும் எண்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று எடை, ஒன்று ரூபாய், ஒன்று உருப்படி, ஒன்று பாக்கெட். எண்ணை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் தெரியவராது. அந்தச் சரக்கை மக்கள் எந்த உருவத்தில் வாங்கிப் பழகியிருக்கிறார்களோ, அந்த வழக்கமே எண்ணுக்கு அர்த்தம் கொடுக்கிறது. பால் விஷயத்தில் இது முக்கியம். பாக்கெட் அரை லிட்டராக இருப்பதால், "பால் 2" என்று எழுதுகிறவரில் பெரும்பாலோர் ஒரு லிட்டரைத்தான் உத்தேசிக்கிறார்கள். ஆவின் பாலானால் நிறமும் கூட வரும்: நீலம் சமன்படுத்தியது, பச்சை நிலைப்படுத்தியது, ஆரஞ்சு நிறைகொழுப்பு. நிறம் சொல்லாமல் "பால் 2" என்று எழுதுகிறவர் அளவை மறைக்கவில்லை, நிறத்தைத்தான் மறைத்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். முட்டையிலோ "முட்டை 1" என்று வந்தால் ஒரே ஒரு முட்டை கேட்பதற்காக ஒருவர் செய்தி அனுப்ப மாட்டார் ஆதலால், அது முப்பது கொண்ட ஓர் அட்டையாக இருக்கலாம், ஒரு டஜனாகவும் இருக்கலாம். இங்கே ஊகம் உதவாது, கேட்கத்தான் வேண்டும்.

எண்ணெய் ஒரு தனி விஷயம். பாக்கெட் எண்ணெயை மக்கள் லிட்டரென்றே நினைக்கிறார்கள்; செக்கு எண்ணெயைச் சில்லறையாக வாங்குகிறவர்களில் சிலர் கிலோ என்று நினைக்கிறார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். வித்தியாசம் சொற்பம் என்று தோன்றலாம்; ஆனால் கிலோ விலையை மனத்தில் வைத்துக்கொண்டிருந்தவருக்கு லிட்டர் பாத்திரம் போய்ச் சேர்ந்தால், எடை குறைந்தது என்ற பேச்சு எழும்; அந்தப் பேச்சுக்கு விளக்கம் சொல்லிக் கொண்டிருப்பதைவிட, உறுதிச் செய்தியில் "லிட்டர்" என்ற ஒரு சொல்லைச் சேர்ப்பது சுலபம்.

பின்னங்களில் அதிக விபத்து நேர்கிறது. கைபேசியில் ஒன்றரையை எழுத விரும்புகிறவர் 1 1/2 என்று தட்டுகையில் நடுவில் இடைவெளி விட மறந்தால், அது 11/2 என்று நமக்கு வந்து சேருகிறது. இரண்டரை 21/2 ஆகிறது. கடைப் பையன் புதியவனாக இருந்தால், பதினொன்று என்று படித்து மலைத்து நிற்பான், அல்லது அதைவிட மோசமாக, மலைக்காமல் கட்டிவிடுவான். கீழே 2 என்று முடிகிற இத்தகைய எண்களை எப்போதும் "முழு எண்ணும் அரையும்" என்று பிரித்துப் பார்ப்பதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

குரல் செய்தியில் வேறு விதமான மயக்கம் உண்டு. "ரவை ஒண்ணு அரை மைதா" என்று ஒருவர் வேகமாகச் சொல்லிச் செல்கிறார். இது ஒன்றரை கிலோ ரவையும் அளவு சொல்லாத மைதாவுமா, ஒரு கிலோ ரவையும் அரைக் கிலோ மைதாவுமா? நம்மவர்களில் சிலர் சரக்கை முதலிலும் அளவைப் பின்னாலும் சொல்வார்கள். சிலர் அளவை முன்னே வைத்து "அரை கிலோ மைதா" என்பார்கள். ஆனால் ஒரே பட்டியலுக்குள் ஒருவர் முறையை அடிக்கடி மாற்றுவது அபூர்வம். ஆகையால் சந்தேகம் வந்த இடத்திலேயே நின்று யோசிப்பதைவிட, பட்டியலின் முதல் வரியையும் கடைசி வரியையும் கேட்டுப் பார்க்க வேண்டும். "துவரம்பருப்பு ஒரு கிலோ" என்று தொடங்கியவர் சரக்கை முன்வைக்கிறவர். அவருடைய "ஒண்ணு அரை" ஒன்றரையாகவே இருக்கும், மைதாவுக்குத்தான் அளவு விட்டுப்போயிருக்கும். குரல் செய்தியை இரண்டு முறை கேட்டு, இரண்டாம் முறை கேட்கும்போதே தாளில் எழுதிவிடுவது நல்லது. காதால் கேட்டுக்கொண்டே கையால் சரக்கு எடுக்கிற சாமர்த்தியத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சுருக்கெழுத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். து.ப., க.ப., உ.ப. என்பவை யாருக்கும் தெரிந்தவை. "ம.தூள்" அப்படியல்ல, மஞ்சள் தூளும் அதுவே, மல்லித் தூளும் அதுவே. இங்கே அளவே சரக்கைக் காட்டிக்கொடுக்கும்: "ம.தூள் 50" மஞ்சளாகவும், "ம.தூள் 200" மல்லியாகவும் இருப்பது சாதாரணம், ஏனென்றால் எந்தக் குடும்பமும் மஞ்சள் தூளை மல்லித் தூள் அளவுக்குச் செலவழிப்பதில்லை. "மல்லி" என்ற சொல்லும் அவ்வாறே தனியாவையும் தழையையும் குறிக்கும். "மல்லி 100" கிராமில் வருகிற தனியா, "மல்லி 10" ரூபாயில் வருகிற தழை. "மிளகாய்" வற்றலா பச்சையா, "வெங்காயம்" பெரியதா சின்னதா, "கடலை" என்பது நிலக்கடலையா, பொட்டுக்கடலையா, கடலைப் பருப்பா என்பவையெல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

இதுவரை சொன்னது ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் படிக்கும் விதம். ஆனால் மளிகைப் பட்டியல் உதிரியான வரிகளின் கூட்டமல்ல. அதற்குப் பின்னால் ஒரு சமையல் இருக்கிறது. இட்லி அரிசியும் உளுந்தும் சேர்ந்து வந்தால், நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தை ஒட்டியே அவை இருக்கும்; இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் ஏதோ ஒன்று தவறாக எழுதப்பட்டிருக்கிறது, அல்லது உளுந்து வடைக்கும் சேர்த்துப் போகிறது. வெல்லம், ஏலக்காய், முந்திரி மூன்றும் ஒரே செய்தியில் இருந்தால் பாயசமோ சர்க்கரைப் பொங்கலோ நடக்கப் போகிறது. முந்திரியின் அளவைக் கொண்டு வெல்லத்தின் அளவை மதிக்கலாம். சமையல் தெரிந்த கடைக்காரர் சந்தேகத்தில் பாதியைக் கேட்காமலே தீர்த்துக்கொள்கிறார்; தமக்குத் தெரியாவிட்டால் வீட்டில் கேட்டுக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

பட்டியலுக்கு வெளியே இருப்பது வாடிக்கைக் கணக்கு. "எப்பவும் போல" என்ற சொற்களை எழுதுகிற வாடிக்கையாளர் நம்மிடம் ஒரு நம்பிக்கையை ஒப்படைக்கிறார். அதைக் காப்பாற்ற ஞாபகசக்தி போதாது, குறிப்பேடு வேண்டும். வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கடைசி மூன்று ஆர்டர்களையாவது தேதியோடு எழுதி வைத்திருந்தால், "எப்பவும் போல" என்பது ஒரு நிச்சயமான அளவாகிவிடும். மூன்று முறையும் ஒரே அளவானால் அதுவே வழக்கம். மூன்றும் மூன்று விதமானால், அந்த வீட்டில் அந்தச் சரக்குக்கு வழக்கம் என்று ஒன்று இல்லை என்பதாவது தெரியவரும். ஆனால் இந்த வழக்கத்தையும் கண்மூடித்தனமாக நம்பக்கூடாது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கலாம், விருந்தினர் வந்திருக்கலாம், புரட்டாசியில் முட்டை வாங்காத வீட்டில் ஐப்பசி பிறந்ததும் முட்டைக்கு மறுபடி சொல்லியனுப்புவார்கள். காலத்தோடு சேர்த்துப் பார்க்காத குறிப்பேடு, குறிப்பேடே இல்லாததைவிட அதிகமாக ஏமாற்றும்.

கடையின் தரப்பிலும் வழக்கம் மாறுவது உண்டு. "அரிசி ஒரு சிப்பம்" என்றால் 25 கிலோ என்பது பழைய பழக்கம். 2022 ஜூலை 18 முதல், பொட்டலமாகக் கட்டி விவரச்சீட்டு ஒட்டி விற்கும் அரிசிக்கு, 25 கிலோ வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று ஆனபின், பல ஆலைகள் 26 கிலோச் சிப்பமாகக் கட்டத் தொடங்கின. விலையைக் கேட்டுத் திகைக்கிற வாடிக்கையாளருக்கு அந்த ஒரு கிலோவின் சங்கதி தெரியாது. ஆகவே சிப்பம் கேட்பவருக்கு அனுப்பும் உறுதிச் செய்தியில் கிலோவைக் குறிப்பிடாமல் விடவே கூடாது. படி, உழக்கு என்று எழுதுகிற முதியவர்களுக்கும் இதுவே விதி. படியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபடுவதாலும், நாம் விற்பது சட்டப்படி கிலோக் கணக்கில் என்பதாலும், அவர்கள் படியில் கேட்டதை நாம் கிலோவில் மாற்றிச் சொல்லிவிட வேண்டும்.

இனி, இத்தனையும் செய்தபின் மிஞ்சுகிற சந்தேகங்களில் எவற்றைக் கேட்பது, எவற்றைக் கேட்காமல் விடுவது என்ற பிரச்சினைக்கு வருவோம். சந்தேகம் எவ்வளவு பெரியது என்று பார்க்கிறார்கள் பலர். என் அபிப்பிராயத்தில் அது தவறான அளவுகோல். தவறிப்போனால் திருப்ப முடியுமா என்பதே சரியான கேள்வி. ஒட்டிய பாக்கெட்டாக இருக்கிற சேமியா ஒன்று அதிகமாகப் போனால், மறுநாள் அது அலமாரிக்குத் திரும்பிவிடும். அதற்காக ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்பது அநாவசியம். அரைத்துக் கொடுக்கிற மாவு, நிறுத்துப் பொட்டலம் கட்டிய முந்திரி, பச்சைக் காய்கறி, தழை ஆகியவை திரும்பி வந்தால் நஷ்டம் யாராவது ஒருவர் தலையில் விழும். விலை மிகுந்த ஏலக்காயும் நெய்யும் இந்தப் பட்டியலில்தான் அடங்கும். ஆக, திருப்ப முடியாதது, விலை அதிகமானது, அன்றே சமையலுக்கு வேண்டியது என்ற மூன்றில் ஒன்றாக இருந்தால் கேட்க வேண்டும். இல்லையென்றால் நல்ல ஊகத்தின்படி கட்டிவிட்டு, கட்டியது இன்னதென்று தெரிவித்தால் போதும்.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். காலை பத்து மணிக்கு, பழகிய வீட்டு அம்மாள் ஒருவரிடமிருந்து இந்தச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்:

அண்ணாச்சி
து.பருப்பு 1
இட்லி அரிசி எப்பவும் போல
உளுந்து 11/2
மல்லி 100
மல்லி 10
மிளகாய் கால்
எண்ணெய் 2
வெல்லம் 2
முந்திரி 50
ஏலக்காய் கொஞ்சம்
சாயங்காலம் போதும்

துவரம்பருப்பில் சந்தேகமில்லை, ஒரு கிலோ. குறிப்பேட்டைப் புரட்டினால் இந்த வீட்டில் இட்லி அரிசி மூன்று முறையும் 5 கிலோ போயிருக்கிறது. உளுந்து வரியில் உள்ள 11/2 பதினொன்றாக இருக்க முடியாது. ஐந்தரை என்று வகுத்துப் பார்த்தாலும் அதற்கு 22 கிலோ அரிசி வேண்டும். ஒன்றரை என்றால் ஐந்து கிலோ அரிசிக்கு நெருங்கிய பொருத்தம், மிச்சம் வடைக்கு ஆகும். ஆக ஒன்றரை. மல்லி இரண்டு முறை வந்திருப்பது தவறுதலாக இரட்டித்ததல்ல; முதலாவது தனியா 100 கிராம், இரண்டாவது பத்து ரூபாய்த் தழை. எண்ணெய் இந்த வீட்டில் எப்போதும் சூரியகாந்தி, லிட்டர் பாக்கெட். ஆகவே இரண்டு பாக்கெட். தவறானாலும் திரும்பி வரக்கூடியது. முந்திரி 50 கிராம்.

வெல்லத்துக்கு வரும்போது சற்று நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டு கிலோ வெல்லம் ஒரு வீட்டுக்கு அதிகமில்லை. பண்டிகை நாளில் வாங்குவதுதான். ஆனால் ஐம்பது கிராம் முந்திரியோடு இரண்டு கிலோ வெல்லத்தைச் சேர்த்து என்ன செய்வார்கள்? அந்த முந்திரிக்கு அரைக் கிலோ வெல்லத்துச் சர்க்கரைப் பொங்கலே பொருத்தம். எனவே அவர் நினைத்தது இரண்டு உருண்டையாக இருக்கலாம் என்ற எண்ணம் பலப்படுகிறது, நிச்சயமாகவில்லை. வெல்லத்தை நிறுத்துக் கட்டியபின் பாதியைத் திருப்பிப் பெறுவது கஷ்டம். இது கேட்க வேண்டிய சந்தேகம். மிளகாயும் அப்படியே: கால் கிலோ வற்றலானால், நூறு கிராம் தனியாவோடு அது ஒட்டவில்லை, ஏனெனில் பொடி அரைக்கிறவர் தனியாவைத்தான் அதிகம் வாங்குவார், கால் கிலோ பச்சையானால் ஒரு நாள் சமையலுக்கு அது மிகை. இரண்டும் முழுமையாகப் பொருந்தாத இடத்தில் ஊகிப்பது விவேகமல்ல. ஏலக்காய்க்கு "கொஞ்சம் என்றால் எவ்வளவு?" என்று கேட்பது மட்டும் கூடாது; அவருக்குத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பார். நாமே ஓர் அளவைச் சொல்லி, 10 கிராம் என்று போட்டுவிட வேண்டும்.

இப்போது பன்னிரண்டு வரிச் செய்தியில் இரண்டே கேள்விகள் மிஞ்சியிருக்கின்றன. பதில் இவ்விதம் போகலாம்:

வணக்கம் அக்கா. சாயங்காலத்துக்குக் கட்டி வைப்பது:
துவரம்பருப்பு 1 கிலோ, இட்லி அரிசி 5 கிலோ, உளுந்து ஒன்றரைக் கிலோ, தனியா 100 கிராம், மல்லித்தழை 10 ரூபாய், சூரியகாந்தி எண்ணெய் 1 லிட்டர் பாக்கெட் இரண்டு, முந்திரி 50 கிராம், ஏலக்காய் 10 கிராம்.
இரண்டு மட்டும் சொல்லுங்கள் அக்கா:
மிளகாய் வற்றலா, பச்சையா?
வெல்லம் 2 கிலோவா, 2 உருண்டையா?

இந்தப் பதிலின் கட்டுக்கோப்பைச் சற்றுக் கவனிக்கலாம். நிச்சயமானவை கேள்வியாக இல்லாமல் அறிவிப்பாக இருக்கின்றன; தவறென்றால் அவர் திருத்துவார், சரியென்றால் அவருக்கு வேலையே இல்லை. "11/2" என்று வந்ததை "ஒன்றரை" என்று எழுத்தால் எழுதியிருப்பதால், நாம் புரிந்துகொண்ட விதம் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடுகிறது; வந்த எண்ணையே திருப்பி அனுப்பினால் அது உறுதியாகாது, எதிரொலியாகத்தான் இருக்கும். கேள்விகள் கடைசியில், தனி வரிகளில், ஒவ்வொன்றும் ஒரே சொல்லில் விடை எழுதக்கூடியபடி நிற்கின்றன. ஆர்டரின் மொத்தத் தொகையையும் கீழே சேர்ப்பது நல்ல பழக்கம். அளவைப் படிக்காமல் கடந்துபோகிறவர்களும் தொகையைப் படிக்காமல் விடுவதில்லை, எதிர்பாராத தொகை தவறான அளவைத் தானே காட்டிக்கொடுக்கும்.

எப்போது அனுப்புவது என்பதும் சிந்திக்கத் தக்கது. வரிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும்போதே கேட்கத் தொடங்கினால், அடுத்த வரியில் வரவிருந்த விடையையே நாம் கேள்வியாகக் கேட்டவர்களாவோம். பட்டியல் முடிந்ததாகத் தோன்றியபின் ஒரு கால் மணி நேரமாவது பொறுத்து, ஒரே செய்தியாக அனுப்ப வேண்டும். இந்தக் கால் மணிக்கு இன்னொரு காரணமும் உண்டு: அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ள வாட்ஸ்அப் இடம் கொடுக்கிறது, அப்படித் திருத்தினால் நமக்குப் புதிய மணி அடிப்பதில்லை, செய்தியின் ஓரத்தில் Edited என்ற சிறு சொல் மட்டும் தோன்றும். பத்து மணிக்குப் படித்து எழுதிக்கொண்டதை நம்பி மாலையில் கட்டுகிறவர், பத்து ஐந்துக்கு 2 என்பது 1 ஆனதை அறியாமலே போவார். ஆகையால் கட்டுவதற்கு முன் மூலச் செய்தியை மறுபடி ஒரு முறை திறந்து பார்ப்பது அவசியம்.

தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் இருப்பவருக்கு அழைப்பு ஓர் இடையூறு, பகல் இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்திருக்கும் முதியவருக்கு அதைவிடப் பெரிய இடையூறு. இன்னொன்று: பட்டியலை அனுப்புகிறவரும் எழுதியவரும் ஒருவராக இருக்க வேண்டுமென்பதில்லை. மனைவி எழுதிய சீட்டைப் படம் பிடித்துக் கணவர் அனுப்பியிருந்தால், அவரிடம் மிளகாயைப் பற்றிக் கேட்பதில் பிரயோஜனமில்லை. அவரும் கேட்டுத்தான் சொல்வார், நடுவில் ஒரு மணி நேரம் போகும். "வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணே, அவசரமில்லை" என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் அவருக்கும் சங்கடம் இராது.

விடையாக வருகிற கட்டைவிரல் சின்னத்தைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அறிவிப்புக்கு அது சம்மதம். "இதுவா, அதுவா" என்ற கேள்விக்கு அது விடையே அல்ல, பார்த்தேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இதைச் சம்மதமென்று கொண்டு இரண்டு கிலோ வெல்லத்தைக் கட்டிவிட்டு, "நீங்கள்தானே சரி என்றீர்கள்?" என்று வாதாடுவதைவிட வாடிக்கையைக் கெடுக்கும் காரியம் வேறில்லை. பதிலே வராவிட்டால் மறுபடி ஒரு முறை, ஆர்டர் எடுத்துப்போகும் நேரத்துக்குச் சற்று முன்பாக, இரண்டு கேள்விகளை மட்டும் நினைவூட்டலாம். மூன்றாவது நினைவூட்டல் வேண்டாம். நிச்சயமானவற்றைக் கட்டிவிட்டு, வெல்லத்தையும் மிளகாயையும் நிறுக்காமல் விட்டுவைத்து, எடுக்க வருகிறவரிடமோ கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் மூலமாகவோ கேட்டு முடிக்கலாம். பையன் போவதானால் வெல்ல உருண்டை இரண்டையும், பச்சை, வற்றல் இரண்டு மிளகாயையும் தனித்தனிப் பொட்டலமாக விலை எழுதிக் கொடுத்தனுப்பி, வேண்டாததைத் திருப்பிக்கொண்டு வரச் சொல்வதும் ஒரு யுக்தி. பத்து வீடுகளுக்கு இதைச் செய்ய முடியாது, பழகிய இரண்டு மூன்று வீடுகளுக்குச் செய்யலாம்.

நம் உதாரணத்து அம்மாள் பன்னிரண்டு மணி வாக்கில், "பச்சைதான் அண்ணாச்சி, மோர்மிளகாய் போடப் போறேன். வெல்லம் உருண்டை" என்று எழுதுகிறார். மோர்மிளகாய் நம் ஊகத்துக்கு எட்டாத ஒன்று, கேட்டது வீண்போகவில்லை. இந்த இடத்தில் பலர் செய்யாமல் விடுகிற ஒரு காரியம் இருக்கிறது: பதிலை அந்த வீட்டுப் பக்கத்தில் எழுதி வைப்பது. வெல்லம் என்று வெறுமனே எண் போட்டால் இந்த வீட்டில் உருண்டை என்பது இனி நமக்குத் தெரிந்த செய்தி. அடுத்த மாதம் அதே கேள்வியைக் கேட்டால், போன முறை சொன்னேனே என்று அவர் முகம் சுளிப்பது நியாயமே. மிளகாயை மட்டும் அப்படி எழுதக்கூடாது. மோர்மிளகாய் அந்த ஒரு தடவைக்கு உண்டான காரணம். அதை வழக்கமென்று பதிந்துகொண்டால், வற்றல் கேட்கிற நாளில் பச்சை போகும். ஆகவே வெல்லத்துக்கு எதிரே தேதியைப் போட்டு "உருண்டை" என்றும், மிளகாய்க்கு எதிரே "ஒவ்வொரு முறையும் கேட்க" என்றும் எழுதிக்கொள்ள வேண்டும்.